“இங்கே பாருங்க” என்று எப்போது சொல்லலாம்?

தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம். ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் நாற்பது பேர் வருகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கையில் கேமராவோ நல்ல போனோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் நிறுத்தி வைத்து எடுப்பதா, அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுப்பதா என்பதுதான் அவருக்கு முதலில் வரும் குழப்பம். நிறுத்தி எடுத்த படம் அன்று யார் யார் வந்தார்கள் என்பதைச் சொல்லும். தெரியாமல் எடுத்த படம் வந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைச் சொல்லும். அதனால் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழாது. எந்த நேரம் எதற்கு உரியது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சதாபிஷேகத்தில் இந்த நேரப் பங்கீடு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஹோமம் முடிந்ததும் தம்பதியை உட்கார வைத்து, சல்லடை பிடித்து, கலச நீரை உறவினர்கள் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். இந்தக் கட்டத்தில் யாரையும் கூப்பிடவே கூடாது. சொம்பைத் தூக்கிய மகளை “அக்கா, அப்படியே நில்லுங்க, இங்கே பாருங்க” என்று நிறுத்தினால், அவர் முகம் கேமரா பக்கம் திரும்பும், தண்ணீர் தாத்தாவின் காதில் இறங்கும். கிடைக்கிற படத்தில் மகளின் சிரிப்பு இருக்கும். அப்பாவின் தலையில் நீர் ஊற்றும்போது அவர் கண்ணில் இருந்தது இருக்காது. ஊற்றுகிறவருக்கு எதிர்ப்பக்கம் நாலைந்து அடி தள்ளி, தம்பதியின் கண்மட்டத்துக்குக் குனிந்து காத்திருந்தாலே போதும். ஒவ்வொருவரும் வந்து அதே இடத்தில்தான் நிற்பார்கள். முற்றத்து வெளிச்சம் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/500 வைத்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் தெறிக்கும் துளிகள் எல்லாம் அதில் வெள்ளைப் புள்ளிகளாகி முகத்தை மறைத்துவிடும்.

நனைந்த தம்பதி உள்ளே போய்ப் புது வேட்டி, புதுப் புடவை மாற்றி வருவார்கள். பிறகு மாங்கல்ய தாரணம், ஆசீர்வாதம். அது முடிந்து பந்திக்கு இலை போடுவதற்கு முன் இருக்கும் கால் மணி நேரம்தான் குரூப் போட்டோவுக்கு உரியது. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிப்பேர் பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள், வயதானவர்கள் படுத்திருப்பார்கள்.

ஆட்களைக் கூட்டுவது படம் எடுப்பவரின் வேலை அல்ல. எல்லோர் பெயரும் தெரிந்த, எல்லோரையும் அதட்டக்கூடிய ஒரு சித்தியோ மாமாவோ வேண்டும். முதலில் முழுக்கூட்டம், அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் தாத்தா பாட்டியுடன். பெரிய கூட்டத்தை முதலில் முடித்தால் குழந்தைகளை அவிழ்த்துவிடலாம். முன்னால் நாற்காலியில் பெரியவர்கள், காலடியில் பிள்ளைகள், பின்னால் இரண்டு வரிசை. மூன்று நான்கு வரிசை ஆகிவிட்டால் எஃப் 8 வரையாவது துவாரத்தைக் குறுக்க வேண்டும். இல்லையென்றால் முன்வரிசை தெளிவாகவும் கடைசி வரிசை மங்கலாகவும் விழும். போனில் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள். ஓரத்தில் நிற்கும் அத்தைமார்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிவார்கள். பின்னால் நகர்ந்து 1-இல் எடுப்பதே மேல்.

மண்டபத்து விளக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல ட்யூப்லைட்டுகளும் எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்கு அது தெரியாது. வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே மங்கல் பட்டைகளாக வந்து விழும். 1/100 வைத்தால் பட்டை வராது. அசையாமல் நிற்கிறவர்களுக்கு அந்த வேகம் போதும். ஓடியாடுகிறவர்களுக்குப் போதாது. ஆகவே மண்டபத்துக்குள் தெரியாமல் எடுக்க நினைப்பவர் ஜன்னல் ஓரமாகவும் வாசல் பக்கமாகவும் நடமாடுவது நல்லது.

கண் மூடுவதுதான் குரூப் போட்டோவின் தீராத தொல்லை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். 2006-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. 20 பேருக்குக் குறைவான கூட்டம் என்றால் ஆள் எண்ணிக்கையை நல்ல வெளிச்சத்தில் மூன்றால் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 12 பேர் கொண்ட குடும்பத்துக்கு மண்டபத்தில் ஆறு படம். நாற்பது பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒருவர் கண்ணாவது மூடித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, பெரியவர்களின் கண் திறந்திருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்வதும் நன்றாகவே உதவும்.

இரண்டு வகையும் கலக்கும் இடம் இதற்கு அடுத்த பத்து நொடி. “ஆச்சு, எல்லாரும் போகலாம்” என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கீழே இறக்காதீர்கள். விறைத்திருந்த தோள்கள் அப்போதுதான் தளரும். பேரன் தாத்தாவின் மடியில் சாய்வான். பின்வரிசையில் நிற்கும் மச்சான் எதையாவது சொல்வார், பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அதே ஆட்கள், அதே வெளிச்சம், அதே இடம். ஃபோகஸும் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. தெரியாமல் எடுக்கும் படத்தில் மற்ற நேரங்களில் பின்னணியில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீர் கேனும் வந்து தொலைக்கும். இங்கே அதுவும் இல்லை. நான் பார்த்த குடும்ப ஆல்பங்களில் மனதில் நின்ற பல படங்கள் இந்தப் பத்து நொடிக்குள் எடுத்தவை.

இன்னொரு வழி, ஆட்களை நிறுத்தாமல் அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது. பாட்டியின் பழைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, “பாட்டி, இதுல யாரு யாருன்னு இவளுக்குச் சொல்லுங்களேன்” என்று பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடம் ஒன்றும் எடுக்காமல் தள்ளி நில்லுங்கள். பாட்டியின் விரல் ஒரு முகத்தைத் தொட்டு நின்றதும் எடுங்கள். போனில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் பக்கத்தில் போகவே வேண்டாம். இன்று பல ஸ்டூடியோக்கள் கேண்டிட் என்ற பெயரில் நாலு பேரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சிரிக்கச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சிரிப்புகளுக்குக் காரணம் படத்தில் இல்லை. பார்வைகள் எதன் மீதும் போய் நிற்பதும் இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிடும்.

தெரியாமல் எடுப்பதற்கு எல்லையும் உண்டு. பந்தியில் பரிமாறுவதை எடுங்கள், வாயில் கவளத்தோடு இருப்பவரை எடுக்காதீர்கள். களைத்துத் தூங்கும் பெரியவரையும், ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்பவரையும் எடுத்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அவர்களைக் கேளுங்கள்.

எல்லாக் குடும்பத்திலும் மேடைக்கே வராத ஒருவர் இருப்பார். அடுப்படியைவிட்டு நகராத சின்ன அத்தை, கணவரை இழந்ததால் தானாகவே ஒதுங்கி நிற்கும் பெரியம்மா, கேமராவைப் பிடித்திருப்பதால் எந்தப் படத்திலும் இல்லாத பிள்ளை. இவர்கள் வேலை செய்வதை ஒரு ஓரத்திலிருந்து எடுத்துவிட்டு, அதுவே போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். போதாது. பெரியம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அன்று “இங்கே பாருங்க” என்று அவரைப் பார்த்தும் ஒருவர் சொல்ல வேண்டும். பந்தி முடிந்ததும் எடுத்த படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் யார் விட்டுப்போனார்கள் என்று தெரிந்துவிடும், ஆட்கள் கிளம்புமுன் சரிசெய்யலாம்.

ஆல்பம் போடும்போது குரூப் போட்டோவை ஒரு பக்கத்திலும், அதற்கடுத்த பத்து நொடியில் எடுத்ததை எதிர்ப் பக்கத்திலும் வையுங்கள். குரூப் போட்டோவின் கீழே வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும் அந்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்தால் தாத்தாவையே கேட்கலாம்.