கதவைத் திறந்தால் பெயர் என்ன ஆகும்?

செக்கு எண்ணெய் விற்கும் கடை ஒன்று, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேன் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிப் பெயரையும் அடையாளச் சின்னத்தையும் போட வேண்டும். டிசைனர் கம்ப்யூட்டரில் வேனின் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, அதன்மேல் ‘கலப்படமில்லா’ என்று பெரிதாக எழுதுகிறார். முதல் பாதி ஸ்லைடிங் கதவிலும் மீதி பின்பக்கத் தகட்டிலும் வருகிறது. அடுத்த வரியில், கதவின்மேல் மட்டும் ‘எண்ணெய்’. திரையில் பார்க்க அருமையாக இருக்கிறது. கடைக்காரரும் சரி என்கிறார்.

வேன் தெருவில் நிற்கிறது. டப்பாவை எடுக்கக் கதவைப் பின்னால் தள்ளுகிறார்கள். ஸ்லைடிங் கதவு உடம்புக்கு வெளியே வந்து, பின்பக்கத் தகட்டை மூடிக்கொண்டு நிற்கும். தகட்டில் இருந்த ‘மில்லா’ மறைந்துபோகிறது. தெருவில் போகிறவர் கண்ணில் படுவது ‘கலப்பட எண்ணெய்’.

இது ஒட்டுபவரின் பிழை இல்லை. அவர் சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருப்பார். கதவு மூடிய படத்தை மட்டும் பார்த்து டிசைன் செய்ததால் வந்த வினை. பொருள் கொடுக்கும் வேனின் கதவு திறந்திருக்கும் நேரம்தான் மக்கள் அதை நின்று பார்க்கும் நேரமும். அதனால் திறந்த நிலைக்கும் தனியாக ஒரு படம் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு உள்ள வேனில் இன்னொரு சிக்கல் உண்டு. வண்டியின் இடப்பக்கத்தைப் பார்த்து நின்றால், வண்டியின் முன்பகுதி நம் இடது கைப் பக்கம் இருக்கும். எழுத்து முன்னிருந்து பின்னாக ஓடும். கதவு திறந்தால் பெயரின் கடைசிப் பகுதி மறையும். வலப்பக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே எழுத்து பின்னிருந்து முன்னாக ஓடுவதால், மறைவது பெயரின் தொடக்கம். ஒரு பக்கத்துக்குப் போட்ட டிசைனை அப்படியே மறுபக்கத்துக்கும் எடுத்துப் போடுவது சரிவராது.

நான் சொல்லும் வழி எளிது: பெயர் முழுவதும் ஸ்லைடிங் கதவுக்குள்ளேயே அடங்க வேண்டும். கதவு எங்கே போனாலும் பெயர் அதோடு முழுசாகப் போகும். பின்பக்கத் தகட்டில் மறைந்தாலும் நஷ்டமில்லாத நிறமோ கோலமோ போதும். இதற்கு ஒரு விலை உண்டு. கதவின் தட்டையான பகுதி 70 சென்டிமீட்டர் அகலம் என்றால், ‘மரச்செக்கு’ என்ற சொல்லை அதில் அடக்கும்போது எழுத்து உயரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: வசதியாகப் படிக்க, 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்து 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அதன்படி 10 சென்டிமீட்டர் எழுத்து 12 மீட்டர் வரை தெளிவாகத் தெரியும். அது ஆங்கில எழுத்தை வைத்து வந்த கணக்கு. சுழிகள் நிறைந்த தமிழுக்குக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். தெருவுக்கு அது போதும். இன்னும் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் வேறு இடத்தில் சின்னத்தை மட்டும் பெரிதாகப் போடலாம். அரைகுறையாகப் பெரிய பெயரைவிட முழுதான சிறிய பெயர் மேல்.

சில நேரம் பெயர் நீளமாக இருக்கும், கதவு இடுக்கைத் தாண்டியே ஆக வேண்டும். அப்போது இடுக்கு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுக்கு சில மில்லிமீட்டர்தான். ஆனால் ஃபிலிமை அதில் வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து ஒட்டுவார்கள். மடிப்புக்குள் போகிற எழுத்து போனதுதான். பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் இடுக்கின் ஆழமும் சேர்ந்து இன்னும் கொஞ்சத்தை விழுங்கும்.

தமிழ் எழுத்துக்கு இந்த இழப்பு கொடியது. ‘மரச்செக்கு’ என்பதில் ‘ர’வின் கீழ்வால் கைப்பிடிக் குழியில் விழுந்தால் அது துணைக்காலாகி ‘மாச்செக்கு’ என்று நிற்கும். ‘க்’ மேலுள்ள புள்ளி, கதவு ஓடும் தண்டவாளப் பள்ளத்தில் விழுந்தால் ‘செககு’. கொம்பு ஒரு தகட்டிலும் அதன் மெய் அடுத்த தகட்டிலும் பிரிந்தால் கண் தடுமாறும். ‘கொ’வில் துணைக்கால் போனால் ‘கெ’ ஆகிவிடும். ஆகவே இடுக்கு எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விழும்படி பெயரை நகர்த்த வேண்டும். அந்த இடத்தில் மட்டும் இடைவெளியை 1, 2 சென்டிமீட்டர் கூட்டினாலும் யாருக்கும் தெரியாது. கொம்பையும் மெய்யையும் துணைக்காலையும் ஒரே கட்டாகப் பிணைத்துத்தான் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக, ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் நிறம் விட்டு அச்சடித்தால், மடிப்புக்குள் போவது அந்தக் கூடுதல் பகுதியாக இருக்கும்.

இதற்கெல்லாம் சரியான அளவு வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வேன் வரைபடம் அதே மாடலின் பழைய வடிவமாக இருக்கலாம். கைப்பிடி, பெட்ரோல் மூடி, தண்டவாளம் எல்லாவற்றையும் வண்டியின் மேலேயே டேப் வைத்து அளப்பது ஒன்றே நம்பகமான வழி.

அடுத்தது வளைவு. வேனின் பக்கம் தட்டைபோலத் தெரிந்தாலும், தகட்டுக்கு வலுக் கொடுக்க அழுத்திய பள்ளங்களும் சக்கரத்தின் மேல் புடைப்பும் இருக்கும். ஃபிலிமை இழுத்துத்தான் அவற்றில் இறக்க முடியும். இழுத்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து நீளும். வட்டமான சின்னம் முட்டை வடிவமாகும். அத்தோடு முடியவில்லை. இழுபட்ட வினைல் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஒட்டிய அன்று கச்சிதமாக இருப்பது, சில வெயிலைக் கண்டதும் பள்ளத்தை விட்டு எழும்பிக் கூடாரம்போல் நிற்கும்.

இங்கே ஃபிலிமின் வகை முக்கியம். திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது காஸ்ட் ஃபிலிம். உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்குவது கேலண்டர்ட் ஃபிலிம். இரண்டாவது வகை மலிவு, ஆனால் செய்யும்போதே இழுபடுவதால் சுருங்கும் குணம் உள்ளேயே இருக்கிறது. தட்டையான பெட்டி வண்டிக்கு அது போதும். வளைவுள்ள வேனுக்குக் காஸ்ட்தான். அதையும் ஒட்டி முடித்தபின், இழுத்த இடங்களை ஹீட் கன்னால் மறுபடி சூடேற்றியாக வேண்டும். பல ஃபிலிம்களுக்கு இது 90 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஃபிலிமுக்கான அளவைத் தருகிறது. கை உணர்வை நம்பாமல் வெப்பமானி வைத்துப் பார்ப்பவரே நல்ல ஒட்டுநர். ஆனால் எவ்வளவு நல்ல ஃபிலிமும் ஆழப் பள்ளத்தில் எழுத்தைக் காப்பாற்றாது. நிறம் பள்ளத்தில் இறங்கலாம், பெயர் இறங்கக் கூடாது.

அச்சுக்குப் போகும் முன் பெயரைச் சாதாரணத் தாளில் முழு அளவில் எடுத்து, மாஸ்கிங் டேப்பால் வண்டியில் ஒட்டிப் பாருங்கள். கதவை மூடிப் பாருங்கள், பாதி திறந்து பாருங்கள், முழுக்கத் திறந்து பாருங்கள். சாலையின் மறுபக்கம் போய்ச் சாய்வாகவும் நின்று படியுங்கள். ஸ்டிக்கர் கடையில் அட்வான்ஸ் கொடுக்கும்போது, கதவு திறந்த நிலையில் இரு பக்கத்துக்கும் படம் கேளுங்கள். அதைத் தராத கடைக்கு அச்சடிக்க ஒப்புதல் கொடுக்காதீர்கள்.