வேலை பதினோரு நாள், காத்திருப்பு ஐந்து மாதம்

2004-இல் ஹைதராபாத்தில் மைக்ரோசாஃப்டின் ஒரு சிறு குழு, அந்த நிறுவனத்தின் உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பழுதுபார்த்துத் திருத்திக் கொடுத்துவந்தது. ஒரு திருத்தம் கேட்டவர் கைக்கு வந்துசேர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. ஆனால் அதற்கான வேலை, சோதனையும் சேர்த்து, சராசரியாகப் பதினோரு நாள்தான்.

மீதி நாளெல்லாம் கோரிக்கைகள் வரிசையில் கிடந்தன.

கேட்ட நாளிலிருந்து கையில் கிடைக்கும் நாள்வரை ஆவது லீட் டைம். வேலையைக் கையில் எடுத்த நாளிலிருந்து முடிக்கும் நாள்வரை ஆவது சைக்கிள் டைம். வாடிக்கையாளருக்குத் தெரிவது முதலாவது மட்டுமே.

இரண்டையும் அளக்க, ‘வந்தவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்று மூன்று பத்திகள் கொண்ட பலகை போதும். அட்டை ஒவ்வொரு பத்திக்கும் வரும்போது அதில் தேதி எழுதப்படுகிறது. ஓர் அட்டையில் ஜூன் 2, ஜூன் 12, ஜூன் 15 என்று இருந்தால் அதன் லீட் டைம் 13 நாள், சைக்கிள் டைம் 3 நாள். விடுமுறை நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் அன்றும் காத்திருக்கிறார். இடையில் வேலை தடைபட்டு அட்டை ‘வந்தவை’க்குத் திரும்பினாலும் பழைய தேதியை அழிக்கக் கூடாது. அழித்தால் தாமதமே கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

சராசரியும் ஏமாற்றும். முடிந்த பத்து அட்டைகளின் லீட் டைம் 4, 5, 6, 6, 7, 8, 9, 11, 14, 40 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11. ஆனால் 11 நாளில் தருவதாகச் சொன்னால் பத்தில் இரண்டு தவறும். 14 நாள் என்றால் ஒன்றுதான் தவறும். அந்த 40 நாள் அட்டை எங்கே மாட்டிக்கொண்டது என்பதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

ஹைதராபாத் குழுவில் மேலாளர் டிராகோஸ் டுமித்ரியு, டேவிட் ஆண்டர்சனின் யோசனைப்படி இரண்டு மாற்றங்கள் செய்தார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வது நின்றது. நடக்கும் வேலையை விட்டுவிட்டு அதைச் செய்ததில்தான் குழுவின் நேரம் கணிசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கும் வரம்பு வந்தது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும். பின்னர் ஓரிருவர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே காத்திருப்பு குறையத் தொடங்கியிருந்தது. கடைசியில் ஐந்து மாதம் சுமார் இரண்டு வாரமானது.

இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், வேலை செய்பவரை விரட்டிப் பயனில்லை. ‘வந்தவை’ பத்தியில் சேரும் அட்டைகளைத்தான் குறைக்க வேண்டும்.