புயலில் ஓடு பறந்தால் முதல் வேலை தார்ப்பாய் அல்ல, போட்டோ: வீட்டு இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்குச் சேதத்தைப் பதிவு செய்வது எப்படி?

2022 டிசம்பர் 9-ம் தேதி நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது மாண்டஸ் புயல். அப்போது காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கி.மீ. வரை இருந்தது. இடையிடையே 85 கி.மீ. வேகத்திலும் வீசியது. கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஜன்னல் அடித்துக்கொள்ளும் ஓர் இரவு. ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கற்பனை வீடு. முன்பக்கம் மங்களூர் ஓடு, பின்பக்கத் தறிக்கூடத்துக்கு சிமென்ட் ஷீட். அப்பா, அம்மா இருவரும் பட்டு நெய்கிறார்கள். மகனுக்கு ஒரகடத்தில் வேலை. வங்கியில் கடன் வாங்கியபோது எடுத்த வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று அவன் மெயிலில் கிடக்கிறது. விடியற்காலையில் போன் வருகிறது: “டேய், முன்பக்க ஓடெல்லாம் போயிடுச்சுடா. தறி மேல தண்ணி ஒழுகுது. ஆளைக் கூப்பிட்டு மாத்திடட்டுமா?”

மாற்றத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முன் ஒரு மணி நேரம் தேவை. அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கும் படங்கள்தான் பின்னால் பணத்தை முடிவு செய்யும்.

எதை நிரூபிக்க வேண்டும்?

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்கின்றன. புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால், நாள்பட்ட தேய்மானமும் பராமரிப்பின்மையும் அடங்காது. மொத்த சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ஓடு உடைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ‘இந்தப் புயலில்தான் உடைந்தது, ஏற்கெனவே உடைந்து கிடக்கவில்லை’ என்பதைத்தான் காட்ட வேண்டும்.

நிறுவனம் அனுப்பும் சர்வேயர் இதைக் கண்ணாலேயே பிரித்துவிடுவார். புதிதாக உடைந்த ஓட்டின் விளிம்பு பளிச்சென்று செங்கல் நிறத்தில் இருக்கும். பழைய உடைப்பில் கறுப்பும் பாசியும் படிந்திருக்கும். காற்று பிய்த்த ஷீட்டில் ஆணி ஓட்டையைச் சுற்றிக் கிழிசல் புதிதாக இருக்கும். ஜே ஹூக் முழுக்கத் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் கதை வேறு. அவர் வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் மழையில் நனைந்து புதிய உடைப்பின் பளிச்சென்ற நிறம் மங்கலாம். அதனால்தான் முதல் நாள் படம் முக்கியம்.

எப்படி எடுப்பது?

ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று படம். முதல் படத்தில் முழு வீடும், முடிந்தால் கதவு எண்ணும் தெரிய வேண்டும். இரண்டாவதில் கூரையின் அந்தப் பகுதி. மூன்றாவதில் உடைப்பு மட்டும், பக்கத்தில் டேப் வைத்து. க்ளோஸ்-அப் படத்தை மட்டும் அனுப்பினால், அது யார் வீட்டு ஓடு என்றே தெரியாது.

பிறகு வீட்டுக்குள் வந்து, ஓட்டைக்கு நேர் கீழே எடுக்க வேண்டும். கைமரம், நனைந்த சுவர், தரையில் தேங்கிய தண்ணீர், தறி. கூரையில் உள்ள ஓட்டையும் உள்ளே உள்ள ஈரமும் ஒன்றோடொன்று பொருந்துவது வலுவான சாட்சி. ஒவ்வொரு இடத்துக்கும் சுவரில் சாக்பீஸால் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டுப் படம் எடுத்தால் பின்னால் குழப்பம் வராது.

ஒரு எச்சரிக்கை: சிமென்ட் ஷீட் மேல் ஏறவே கூடாது. நனைந்த ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காமல் உடைந்து விழும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நின்று போனை ஜூம் செய்து எடுத்தாலே போதும்.

தறியில் பாவு நனைந்திருந்தால், அதை அறுத்து எடுப்பதற்கு முன் தறியிலேயே வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஆனால் தறி, பட்டு நூல் ஆகியவை வீட்டு பாலிசியில் வருமா என்பது தனிக் கேள்வி. பாத்திரம், கட்டில், டிவி போன்ற வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கவர் தானாகவே சேரும். தொழில் பொருள்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. பாலிசி எடுக்கும்போதே ‘வீட்டில் தறி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

படத்தில் தேதி எங்கே இருக்கிறது?

போன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, நேரம், போன் மாடல் ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகின்றன. கேமரா செட்டிங்கில் லொகேஷனை ஆன் செய்திருந்தால் இடமும் பதிவாகும். இதற்குப் பெயர் எக்ஸிஃப். கேலரியில் படத்தைத் திறந்து ‘Details’ பார்த்தால் தெரியும்.

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அம்மா எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், படம் சுருங்குவதோடு இந்தத் தகவலும் அழிந்துவிடும். மகன் கையில் இருப்பது தேதி இல்லாத நகல். அனுப்பும்போது ‘Photo’ என்று தேர்வு செய்யாமல் ‘Document’ என்று தேர்வு செய்தால் ஃபைல் அப்படியே போகும். அசல் படம் எடுத்த போனிலேயே இருக்கட்டும். அதை க்ராப் செய்யவோ, ஃபில்டர் போடவோ, அதன் மேல் வட்டம் வரையவோ கூடாது. குறிப்பு எழுத வேண்டுமென்றால் நகலில் எழுதலாம்.

‘தேதி அச்சாகும் ஆப் போட்டுக்கட்டுமா?’ போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது மட்டும் போதாது. படத்தின் மேல் தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன் கடிகாரத்தை மாற்றினால் எக்ஸிஃப் தேதியும் மாறிவிடும். அதனால் நம் கையில் இல்லாத இன்னொரு கடிகாரம் வேண்டும். அதுதான் மின்னஞ்சல். எடுத்த அன்றே நிறுவனத்தின் க்ளெய்ம் முகவரிக்குப் படங்களை அனுப்பிவிட்டால், எப்போது வந்து சேர்ந்தது என்பது அவர்கள் பக்கத்திலேயே பதிவாகிவிடும். வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய அறிக்கையையும் சேர்த்து வைத்தால், ‘அன்று காற்று வீசியது’ என்பதற்கும் சாட்சி கிடைக்கும்.

புயலுக்கு முந்தைய படமும் தேவைப்படும். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதோ, வீட்டு விசேஷத்திலோ எடுத்த ஏதாவது ஒரு படத்தில் பின்னணியில் கூரை முழுசாகத் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம்.

பிறகு தார்ப்பாய்

படம் எடுத்து முடித்து, நிறுவனத்துக்குப் போன் செய்து க்ளெய்ம் எண் வாங்கியதும் தார்ப்பாய் போட்டுவிட வேண்டும். சர்வேயர் வரட்டும் என்று ஒழுகவிட்டால், அதனால் கூடும் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்ல வாய்ப்புண்டு. தார்ப்பாய் போட்ட பிறகு ஒரு படம், கடை பில் ஒன்று. உடைந்த ஓடுகளை ஏரியிலோ குப்பையிலோ கொட்டிவிட வேண்டாம். சர்வேயர் எண்ணிப் பார்க்கும்வரை வீட்டோரம் அடுக்கி வைக்கலாம். பிறகு இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை தனியாகக் கேட்கலாம்.

எஸ்டிமேட்: ‘சுமாரா 50 ஆயிரம்’ செல்லாது

கொத்தனார் துண்டுச் சீட்டில் ‘கூரை வேலை ரூ.50,000’ என்று எழுதிக் கொடுத்தால், அதை எதோடு ஒப்பிடுவது என்று சர்வேயருக்குத் தெரியாது. அவருக்குத் தேவை எண்ணிக்கை, விலை, கூலி. நம் கற்பனை வீட்டுக்கான எஸ்டிமேட் இப்படி இருக்கலாம் (விலைகள் உதாரணத்துக்கு மட்டும்):

- மங்களூர் ஓடு 110 × ரூ.45 = ரூ.4,950
- முகட்டு ஓடு 6 × ரூ.90 = ரூ.540
- ரீப்பர் 60 அடி × ரூ.30 = ரூ.1,800
- சிமென்ட் ஷீட் 4 × ரூ.1,300 = ரூ.5,200
- ஜே ஹூக், வாஷர் 24 × ரூ.20 = ரூ.480
- கொத்தனார் 3 நாள் × ரூ.1,000 = ரூ.3,000
- உதவியாள் 2 பேர், 3 நாள் × ரூ.700 = ரூ.4,200

மொத்தம் ரூ.20,170. தார்ப்பாய் பில் ரூ.1,600 தனி.

இதில் 110 என்ற எண் எங்கிருந்து வந்தது? பாதிக்கப்பட்ட பகுதி 3 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு என்றால் அங்கே 180 ஓடு இருந்திருக்கும். அதில் உடைந்தவை 110, மீதி 70 நல்லாவே இருக்கின்றன. ‘எதுக்கும் 180-ன்னு போட்டுடுங்க’ என்று கொத்தனாரிடம் சொல்லத் தோன்றும். படத்தில் 70 ஓடு முழுசாகத் தெரியும்போது, சர்வேயர் அந்த வரியை மட்டும் சந்தேகப்பட மாட்டார். எஸ்டிமேட் முழுவதையும் சந்தேகப்படுவார்.

இன்னொரு சபலமும் வரும். ‘கூரையைப் பிரிச்சாச்சு, கரையான் அரிச்ச கைமரத்தையும் சேர்த்து மாத்திடலாமே?’ தாராளமாக மாற்றலாம். ஆனால், அது புயல் சேதம் இல்லை. அந்தச் செலவுக்குத் தனி எஸ்டிமேட் வாங்கி, க்ளெய்மில் சேர்க்காமல் வைக்க வேண்டும். ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டாலும் இதே கணக்குதான். பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுதான் கிடைக்கும், மேம்படுத்தும் செலவு கிடைக்காது.

எஸ்டிமேட்டில் தேதி, முகவரி, கொத்தனாரின் பெயர், போன் எண், கையெழுத்து இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சாக்பீஸ் எண்ணை எழுதிவிட்டால், எந்தச் செலவு எந்தப் படத்துக்கு என்று சொல்லாமலே புரியும். இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்கினால் விலை நியாயமானதுதான் என்பதற்கு ஆதாரம்.

இழுத்தடித்தால்?

ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். தாமதமானாலோ தொகை குறைந்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அங்கே கேட்கப்போவதும் அதே ஃபோல்டரைத்தான்: அசல் படங்கள், அனுப்பிய மெயில், எஸ்டிமேட், பில். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில் ஊருக்குப் போகும்போது கூரையை நான்கு பக்கமும் ஒரு முறை போட்டோ எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். அப்பா, அம்மா போனில் ‘Document’ ஆக அனுப்புவது எப்படி என்பதையும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடலாம்.