கங்காணி சொல்வதை எப்படி வாசிப்பது?

கதையைச் சொல்பவரே நமக்கு முழு உண்மையைச் சொல்லாதபோது அவரை 'நம்பகமற்ற கதைசொல்லி' என்கிறோம். உயர்தர வகுப்பில் இதைப் பயிற்றுவிக்க, பழைய பெருங்கங்காணி ஒருவர் பேசுவதாக நானே ஒரு சிறு பந்தி எழுதினேன்.

(1) என் ஆட்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல வைத்திருந்தேன். (2) ஊரிலிருந்து நாற்பது பேரைக் கூட்டிவந்தேன். ஒருவருக்கும் என்னை விட்டுப்போக மனம் வந்ததில்லை. (3) எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு ஏன் தொல்லை என்று அவர்கள் கணக்கையும் நானே வைத்துக்கொண்டேன். (4) ராமாயி புருஷன் ராவோடு ராவாக ஓடியபோது, அவன் கடனை அவள் பேரில் எழுதினேன். (5) போன மாதம் பேர் கூப்பிட்டபோது இருபத்தேழு பேர் நின்றார்கள்.

"கங்காணி நம்பத்தக்கவரா?" என்று கேட்டால், "இல்லை, கங்காணிகள் ஏமாற்றுக்காரர்கள்" என்றே விடை வரும். அந்த விடையை எழுதப் பந்தியை வாசிக்கவே தேவையில்லை. ஆகவே மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலாவது: எந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன? இரண்டும் நான்கும். யாருக்கும் போக மனமில்லை என்றவரே, ஒருவன் ஓடியதையும் சொல்கிறார்.

இரண்டாவது: எந்த வாக்கியத்தில் செய்தி உண்மையாக இருந்தும் காரணம் ஐயத்துக்குரியது? மூன்றாவது வாக்கியம். கணக்கை அவர் வைத்திருந்தது பொய்யல்ல. அது இரக்கத்தால்தானா என்பதே கேள்வி. அதற்கான சான்று நான்காம் வாக்கியம்: கணக்கு அவர் கையில் இருந்ததால்தான் கணவனின் கடன் மனைவியின் பெயருக்கு மாறியது.

மூன்றாவது: பந்தியிலிருந்து எதை முடிவுசெய்ய முடியாது? இங்கேதான் பலர் தடுமாறினார்கள். நாற்பதில் இருபத்தேழு போக, "பதின்மூன்று பேர் ஓடிவிட்டார்கள்" என எழுதினார்கள். ஓடியதாகப் பந்தி சொல்வது ஒருவனை மட்டுமே. மற்றவர்கள் நோயில் கிடந்திருக்கலாம், இறந்திருக்கலாம். அவர்களைப் பற்றி அவர் பேசவில்லை என்பதே நாம் காட்டக்கூடிய சான்று.

நான்கு புள்ளிகளில் கூற்றுக்கு ஒன்று, வாக்கிய எண்ணுக்கு ஒன்று, அந்த வாக்கியம் கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கத்துக்கு இரண்டு.

வரலாறும் உதவும். தொழிலாளரின் கடனைக் காட்டிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் குறைந்தால் அவர் வருமானமும் குறையும். இது அவருடைய நோக்கத்தை விளக்கும். ஆனால் இந்தக் கங்காணி என்ன செய்தார் என்பதற்குச் சான்று பந்திக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அடுத்து இதே மூன்று கேள்விகளோடு புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வாசிக்கப்போகிறோம். அங்கே 'நான்' என்று பேசுபவர் ஓர் எழுத்தாளர். கதை கட்டுவதே தொழிலான ஒருவர் தாம் கண்டதாகச் சொல்வதில் எதை, எந்த வரியை வைத்து நம்புவது? வீட்டிலும் ஒருமுறை வாசித்து, வரியைக் காட்டி வாதாடிப் பாருங்கள்.