இருபத்திரண்டு வயதில் இளைக்கும் முடி

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 26 வயது வாசகர், தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் நகலை அனுப்பி, அதில் இருப்பது அறிவியல்படி சரிதானா என்று கேட்டிருக்கிறார். அப்பா விவசாயி. மகனுக்கு 22 வயதிலேயே முன்மண்டையில் முடி குறையத் தொடங்கிவிட்டது. சென்ற மாதம் வீட்டுக்கு வந்த கல்யாணத் தரகரிடம், “எங்க வம்சத்துக்கே வழுக்கைதான், என் தலையைப் பாருங்க” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்று இரவு எழுதிய கடிதம் இது.

“அப்பா, உங்களுக்கு முடி போனப்ப வயசு 48. கல்யாண போட்டோவுல நெத்தி மேல சுருட்டை முடி விழுந்து கிடக்கு. அந்த போட்டோ எடுக்குற வயசு எனக்கு இன்னும் வரவே இல்ல. நாலு வருஷமா நான் தினம் பாத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சது போன தீபாவளிக்குத்தான். ‘எங்கடா கொட்டியிருக்கு, நல்லாத்தானே இருக்கு’ன்னு நீங்க சொன்னப்பல்லாம் எனக்கு ஆறுதலா இல்லப்பா. நான் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு.”

அந்த நாலு வருஷக் கணக்கு முற்றிலும் சரி. உச்சந்தலையில் அடர்த்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகுதான் அடுத்தவர் கண்ணுக்கு அது தெரியும் என்பது தோல் மருத்துவர்களின் அனுபவம். அதுவரை கண்ணாடி முன் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு ஊருக்கே ஒரே நாளில் தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். ஏன் இப்படி என்பதற்கு விடை மயிர்க்காலுக்குள் இருக்கிறது.

வழுக்கை விழுகிறவருக்கு முடி அதிகமாகக் கொட்டுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் யாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். ஒரு முடி பல ஆண்டுகள் வளரும், சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தும், சுமார் 3 மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். அதே மயிர்க்காலில் அடுத்த முடி முளைக்கும். உதிர்வது அறுவடை மாதிரி, நடந்தே தீரும். கவனிக்க வேண்டியது அடுத்த போகத்தை.

டெல்டா விவசாயிக்கு இதைச் சொல்வது சுலபம். வயல் அதே வயல்தான். ஐந்து மாதச் சம்பா விளைந்த இடத்தில் அடுத்த முறை நூற்றுச் சொச்சம் நாள் குறுவை வருகிறது. அதற்கடுத்த முறை அதைவிடக் குட்டைப் பயிர், மெலிந்த தாள், சின்னக் கதிர். ஒவ்வொரு அறுப்புக்கும் மண்ணின் ஆழம் ஒரு விரல் குறைகிறது, இரண்டு அறுப்புக்கு நடுவே தரிசாகக் கிடக்கும் காலம் நீளுகிறது. கடைசியில் வரப்பு, வாய்க்கால் எல்லாம் இருந்தபடியே இருக்க, வயலில் அறுகம்புல் மட்டும் நிற்கிறது. ஒரு நாற்றைக்கூட யாரும் பிடுங்கிப் போடவில்லை.

தலையிலும் இதேதான். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு வளரும் முடி 60 சென்டிமீட்டர் வரை போகும். வளரும் காலம் ஓராண்டாகச் சுருங்கினால் 12 சென்டிமீட்டர். மூன்றே மாதமானால் 3 சென்டிமீட்டர்தான். சீப்பில் படியக்கூடப் போதாது. கூடவே மயிர்க்காலின் அடியில் இருக்கும் சின்னக் குமிழும் சுற்றுக்குச் சுற்று சிறுக்கிறது. அதனால் முடியின் தடிமனும் நிறமும் குறைகின்றன. வழுக்கை என்று நாம் சொல்லும் தலையில் பெரும்பாலான கால்கள் உயிரோடுதான் இருக்கின்றன. கன்னத்துப் பூனைமுடி போன்ற ஒன்றை முளைக்க வைத்துக்கொண்டிருக்கின்றன.

இதைச் செய்வது டிஹெச்டி என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து ஒரு நொதி அதை உண்டாக்குகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. அதே டிஹெச்டிதான் தாடியைத் தடிக்க வைக்கிறது. கன்னத்தில் உரமாக இருப்பது, ஒரு சாண் மேலே போனால் முடியை இளைக்க வைக்கிறது. பிடரி முடியையோ அது அவ்வளவாகத் தொடுவதில்லை. ஹார்மோன் ஒன்றுதான், எந்தக் கால் அதைக் கேட்டு என்ன செய்கிறது என்பதுதான் வேறுபாடு. வழுக்கை விழுந்த ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோன் கூடுதல் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை.

பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை 1942ல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் பதிவுசெய்தார். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும், குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு அது தொடங்கியது.

கடிதத்தில் இன்னொரு வரி: “உங்க தலை எனக்கு வந்திருச்சுன்னு நான் உங்களக் குத்தம் சொல்லலப்பா.” சொன்னாலும் பாதிதான் சரியாக இருந்திருக்கும். டிஹெச்டியின் சொல்லைக் கேட்கும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வருகிறது. அதற்கு மேலும் 200க்கும் அதிகமான மரபணு இடங்கள் இதில் பங்கேற்பது தெரியவந்திருக்கிறது. அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அப்பாவுக்கு 48ல் தொடங்கியது மகனுக்கு 22ல் தொடங்குவது இதனால் இருக்கலாம்.

இந்த 26 ஆண்டு வித்தியாசத்தில்தான் வலி இருக்கிறது. வழுக்கை ஆண்களின் மனநிலையை 1990களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கேஷ், பெரும்பாலான ஆண்கள் அதை ஒருவிதமாகச் சமாளித்துவிடுகிறார்கள் என்று கண்டார். அதிகம் துன்பப்பட்டவர்களில் இளைஞர்கள், மணமாகாதவர்கள், சிறு வயதில் தொடங்கியவர்கள் இருந்தார்கள். நம் வாசகர் மூன்றிலும் வருகிறார். 48 வயதுக்காரருக்கு வேலை, குடும்பம், ஊரில் பெயர் எல்லாம் அமைந்த பிறகு முடி போகிறது. 22ல் இவற்றில் எதுவும் அமையவில்லை, பார்க்கிறவர்கள் முதலில் எடைபோடுவது முகத்தை. அதனால் “எனக்கும்தான் போச்சு” என்ற அப்பாவின் சொல் மகனுக்கு உதவாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். எல்லாம் ஒரே தடிமனில், நீளமாக, வேர்முனையில் வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது பெரும்பாலும் டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் உதிர்வு; தானே சரியாகும். தடித்த முடிகளுக்கு நடுவே குட்டையான, நூலிழை போன்ற முடிகள் கலந்து கிடந்தால் கால்கள் இளைக்கத் தொடங்கிவிட்டன. மருத்துவர் உருப்பெருக்கியில் உச்சந்தலையைப் பார்க்கும்போது தேடுவதும் இந்தத் தடிமன் வேறுபாட்டைத்தான்.

வயலின் ஆழமே குறைந்துகொண்டிருக்கும்போது மேலே எதைத் தெளித்து என்ன? மூலிகை எண்ணெய், பயோட்டின் மிட்டாய் விளம்பரங்கள் இந்தப் பிள்ளைகளின் பயத்தை விற்கின்றன. வெங்காயச் சாறு பற்றி 2002ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது உண்மை. அது புழுவெட்டுக்கு, அது வேறு நோய். போர் தண்ணீர் முடியை முரடாக்கலாம், மயிர்க்காலை இளைக்க வைக்காது.

ஆதாரமுள்ள மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. மினாக்சிடில் தலையில் தடவுவது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதமாகும். ஃபினாஸ்டெரைடு மாத்திரை ரத்தத்தில் டிஹெச்டியை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. சிலருக்குப் பாலுறவு நாட்டக் குறைவும் மனச்சோர்வும் வரலாம் என்பதால் மருத்துவர் இல்லாமல் தொடக்கூடாது. நிறுத்தினால் ஓராண்டுக்குள் பழைய நிலைதான். இரண்டுமே இளைக்கும் காலைத் தாங்கிப்பிடிக்கும், புல்லாகிப்போனதை மீட்பது அரிது. அப்பா சிரித்துத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இதனால்தான் கணக்கில் வருகிறது.

கடிதத்தைப் படித்த அப்பா, ஒரு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தாவது முடி நட்டுவிடலாம் என்று சொன்னாராம். அன்பு புரிகிறது, ஆனால் 26 வயதில் அவசரம் வேண்டாம். பிடரியிலிருந்து எடுத்து முன்னால் நடும் முடி, தன் பழைய குணத்தோடு அங்கேயே நிற்கும். 1959ல் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டியது அது. நட்ட முடிக்குப் பின்னால் இருக்கும் பழைய முடியோ இளைத்துக்கொண்டே பின்வாங்கும். பத்தாண்டில் நெற்றியோரம் ஒரு வரிசையும் நடுவில் வெற்றிடமுமாக ஆகிவிடலாம், அதை நிரப்பப் பிடரியில் இருப்பும் அளவுதான். ஓராண்டாவது மருந்தில் இருந்து, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, வழுக்கை எந்த வேகத்தில் எங்கே போகிறது என்று பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.