முதலில் முடிவதற்கே முதல் இடம்

ஒரே அரங்கத்தை ஒரே நாளில் பலர் கேட்கும்போது நேரங்கள் மோதும். சிலரை மறுத்தே ஆக வேண்டும். மிகக் குறைவானவர்களை மறுத்து மோதலைத் தீர்ப்பது எப்படி என்பது கணினி அறிவியலில் நன்கு ஆராயப்பட்ட கேள்வி. விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது: எது முதலில் முடிகிறதோ அதற்கு முதல் இடம்.

ஏழு விண்ணப்பங்கள் வந்திருப்பதாகக் கொள்வோம். நாடக ஒத்திகைக்குக் காலை 8 முதல் 2 வரை, யோகாவுக்கு 9 முதல் 10.30, சங்கக் கூட்டத்துக்கு 10 முதல் 11, பாட்டு வகுப்புக்கு 10.30 முதல் 12, ஓவியத்துக்கு 11.30 முதல் 1, சதுரங்கத்துக்கு 12 முதல் 1.30, கருத்தரங்குக்கு 1.30 முதல் 3.

முதலில் தொடங்குவதை முதலில் சேர்த்தால், நாடகம் நுழைந்து மற்ற ஆறையும் வெளியே தள்ளிவிடும். சிறியதைச் சேர்ப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு மணி நேரச் சங்கக் கூட்டம் யோகா, பாட்டு இரண்டின் மீதும் ஏறி நிற்கிறது. அதைச் சேர்த்தால் மொத்தம் மூன்றுதான் தேறும்.

முடியும் நேரப்படி வரிசைப்படுத்தினால் யோகா, கூட்டம், பாட்டு, ஓவியம், சதுரங்கம், நாடகம், கருத்தரங்கு என்று வரும். யோகாவைச் சேர்த்தாயிற்று, அரங்கம் 10.30க்குக் காலியாகும். கூட்டம் அதற்கு முன்பே தொடங்குவதால் நீங்குகிறது. பாட்டு சரியாக 10.30க்குத் தொடங்குகிறது, சேரலாம். 11.30க்குத் தொடங்கும் ஓவியம் நீங்க, சதுரங்கம் சேர்கிறது. நாடகம் நீங்க, கருத்தரங்கு சேர்கிறது. நான்கு நின்றன, மூன்றுதான் நீங்கின. ஒன்று முடியும் நொடியில் அடுத்தது தொடங்குவது இங்கே மோதலாகாது. அரங்கத்தைப் பெருக்க இடையில் நேரம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் முடிவோடும் அதைக் கூட்டிக்கொண்டே வரிசைப்படுத்த வேண்டும்.

இதைவிடச் சிறந்த தேர்வு இருக்க முடியாதா? இருப்பதாக வைத்து, அதில் முதலில் முடிவதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யோகாவை வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னே யோகா முடிவதால், பின்னால் வருபவை எதனோடும் அது மோதாது; எண்ணிக்கையும் குறையாது. மீதமுள்ள நேரத்துக்கும் இதே மாற்றைத் தொடர்ந்து செய்தால், எந்தச் சிறந்த தேர்வும் எண்ணிக்கை குறையாமல் நம் தேர்வாகவே மாறிவிடும்.

இந்த முறை எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. நாடகக் குழு 5,000 ரூபாயும் மற்ற ஒவ்வொருவரும் 1,000 ரூபாயும் வாடகை தருவதாக இருந்தால், நால்வரால் வருவது 4,000தான். நாடகத்தை மட்டும் வைப்பதே லாபம். அப்போதும் முடியும் நேர வரிசை கைகொடுக்கும், ஆனால் உடனுக்குடன் முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும்: அதை விட்டுவிட்டால் அதுவரை கிடைத்த அதிக வருமானம் ஒன்று, அதன் வாடகையோடு, அது தொடங்குமுன் முடிந்தவற்றால் கிடைக்கும் அதிக வருமானத்தைக் கூட்டிய தொகை மற்றொன்று. பெரியதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.