பையன் காலையில் என்ன குடித்தான்?

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாலு வயதுப் பையன். கட்டிலருகே தூக்கமில்லாத கண்களோடு அவன் அப்பா. அவரிடம் ஒரு நர்சிங் மாணவி போய்ப் பேச வேண்டும். என்ன பேசுவது, எதைக் கேட்பது, எதைச் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் வார்டில் போய்ப் பழகுவதற்கு முன்னால் வகுப்பறையில் நடித்துப் பார்க்க வைக்கிறார்கள். ஒரு மாணவி நர்ஸ். இன்னொருவர் அப்பா. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்பதற்கு எளிதான பாடம்போல இருக்கும், ஆனால் ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் உள்ளே ஒரு கண்ணி இருக்கும்.

அந்தக் கண்ணியை அப்பாவின் அட்டையில் வைக்கிறார்கள். நடிப்பவர் இருவருக்கும் தனித்தனி அட்டை கொடுப்பது வழக்கம், ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. மாணவியின் அட்டையில் சாதாரண விவரங்கள்தான்: பையனுக்கு வயது 4, எடை 15 கிலோ, வலது பக்கம் குடலிறக்கம், ஆபரேஷன் காலை 9.30க்கு, இப்போது மணி 8. அப்பாவின் அட்டையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி கைக்குழந்தையோடு ஊரில் இருக்கிறார். கடைசியில் ஒரு வரி: ‘விடியற்காலை 5 மணிக்குப் பையன் பசியில் அழுதான். அரை டம்ளர் பால் கொடுத்துவிட்டாய். திட்டு விழும் என்று பயம். சொன்னால் வம்பில்லை என்று தோன்றினால் மட்டும் சொல்.’

அரை டம்ளர் பால் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டையின் காவலும் தூங்கிவிடுகிறது. புரையேறினால் நாம் இருமித் துப்புகிறோமே, அந்த அனிச்சை வேலை செய்யாது. அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடலாம். தண்ணீர் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். பால் அப்படியில்லை, வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகி, சாப்பாட்டைப் போலத் தங்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று பல மருத்துவமனைகளில் இடைவெளி வைக்கிறார்கள். நம் கதையில் 5 மணிக்குக் குடித்த பாலுக்கு 11 மணி ஆனால்தான் கணக்கு சரியாகும். ஆபரேஷனோ 9.30க்கு.

முதல் தடவை நடிக்கும்போது பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

மாணவி: வணக்கம் சார். தம்பிக்கு இன்னைக்கு ஆபரேஷன் இல்ல?

அப்பா: ஆமா சிஸ்டர். பயமா இருக்கு.

மாணவி: ஒண்ணும் பயப்படாதீங்க. இது சின்ன ஆபரேஷன்தான். இங்க தினமும் பண்றாங்க.

அப்பா: மயக்க மருந்து கொடுத்தா எந்திரிச்சிடுவான்ல?

மாணவி: அதெல்லாம் எந்திரிச்சிடுவான் சார். காலையில ஒண்ணும் கொடுக்கலைல்ல?

அப்பா: ...இல்ல சிஸ்டர்.

மாணவி: குட். ரெடியா இருங்க.

மாணவி அன்பாகத்தான் பேசினார். முகத்தில் சிரிப்பும் இருந்தது. ஆனால் பால் விஷயம் வெளியே வரவில்லை. ‘ஒண்ணும் கொடுக்கலைல்ல?’ என்ற கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, ‘இல்லை’ என்று சொன்னால் போதும் என்று அது அப்பாவுக்கு வழி காட்டிவிடுகிறது. அதற்கு முந்தைய ‘பயப்படாதீங்க’ இன்னும் மோசம் என்பது என் எண்ணம். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனிதரிடம் அந்தப் பேச்சை எடுக்காதே என்று மரியாதையாகச் சொல்வதுதான் அது. பயத்தையே சொல்ல முடியாத இடத்தில் தப்பை எப்படிச் சொல்வார்?

அதே ஸ்கிரிப்டை ஆசிரியர் பேசிக் காட்டும்போது வேறு மாதிரி வரும்:

மாணவி: அண்ணே, நான் நர்சிங் ஸ்டூடண்ட். தம்பி தியேட்டருக்குப் போற வரைக்கும் கூடவே இருப்பேன். இப்படி உக்காரலாமா?

அப்பா: உக்காருங்க. இப்பதான் ஒருத்தங்க வந்து பேர் என்ன, எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி டாக்டரும் அதையே கேட்டாரு. சீட்டுல எழுதலையா என்ன?

மாணவி: எழுதியிருக்குண்ணே. ஆனா சீட்டை மட்டும் நம்பி உள்ள கூட்டிட்டுப் போக மாட்டோம். ஆள் மாறக் கூடாது, பக்கம் மாறக் கூடாதுன்னு ஒவ்வொரு இடத்துலயும் உங்க வாயால கேட்டுக்குவோம். தியேட்டர் வாசல்லயும் இன்னொரு தடவை கேப்பாங்க.

அப்பா: அப்படியா... எனக்கு அதில்ல சிஸ்டர். இந்த மயக்க மருந்து...

(மாணவி பேசாமல் காத்திருக்கிறார்.)

அப்பா: எங்க ஊர்ல ஒருத்தர் எந்திரிக்கவே இல்லன்னாங்க.

மாணவி: அதைக் கேட்டதுலேருந்து அதே நினைப்பா இருக்கா?

அப்பா: ராத்திரி பூரா கண்ணு மூடல.

மாணவி: ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. தம்பிக்கு எப்படின்னு மயக்க டாக்டர்தான் சொல்லணும். அவர் வர்றப்ப கேளுங்க, நானும் பக்கத்துல நிக்கறேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மருந்து ஏறினதுலேருந்து தம்பி முழிக்கிற வரைக்கும் ஒரு மயக்க டாக்டர் அவன்கூடவே இருப்பாரு. நாடி, ஆக்சிஜன் எல்லாம் மிஷின்ல ஓடிட்டே இருக்கும்.

அப்பா: சரிங்க.

மாணவி: இதுல நம்ம கையிலயும் ஒரு விஷயம் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பி வாயில என்னென்ன போச்சு? தண்ணி, பிஸ்கட், பால், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பசியில பிள்ளை அழுதா யாருக்கும் மனசு கேக்காது. என்னன்னு தெரிஞ்சா டாக்டர் அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்குவாரு. தெரியாமப் போனாத்தான் சிக்கல்.

அப்பா: (குரல் இறங்கி) அஞ்சு மணிக்கு... கொஞ்சம் பால் குடுத்தேன். அரை டம்ளர் இருக்கும்.

மாணவி: சொன்னீங்களே, அது போதும். அஞ்சு மணி, அரை டம்ளர் பால். அப்புறம் வேற ஏதாவது?

அப்பா: வேற இல்ல. ஆபரேஷன் நின்னுடுமா?

மாணவி: அதை நான் முடிவு பண்ண முடியாதுண்ணே. இப்பவே வார்டு சிஸ்டர்கிட்ட சொல்றேன், அவங்க மயக்க டாக்டருக்குச் சொல்வாங்க. நேரம் தள்ளிப் போகலாம். என்ன முடிவானாலும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் கேக்காம எதுவும் குடுத்துடாதீங்க.

திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு மாணவி கொடுத்த விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே மயக்க மருந்துக்கு முன்னால் ஆள் யார், எந்த இடம், சம்மதம் உண்டா என்று சரிபார்க்கச் சொல்லியிருக்கிறது. மருத்துவமனைக்கு அது பாதுகாப்பு. அப்பாவுக்கோ, ‘இவங்களுக்கே தெரியாம நம்மைக் கேக்கறாங்களே’ என்ற சந்தேகம். நாலு வாக்கியத்தில் தீர்ந்துபோகும் சந்தேகம் அது, ஆனால் அந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல ஆள் வேண்டும்.

பால் விஷயத்தில் மாணவி மூன்று காரியம் செய்தார். கேள்வியைத் திறந்து வைத்தார். தப்பு நடப்பது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லி, அப்பா இறங்கிவர ஒரு படி போட்டுக் கொடுத்தார். உண்மை வந்ததும் முகம் மாறாமல் நேரத்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். இதில் கடைசிதான் கடினம். நடிப்பில்கூடப் பல மாணவிகளுக்கு அந்த இடத்தில் ‘ஐயையோ, ஏன் சார் குடுத்தீங்க?’ என்று வாய் தவறிவிடும். பிறகு ‘வேற ஏதாவது?’ என்று கேட்டுப் பயனில்லை, அப்பா மூடிக்கொண்டுவிடுவார்.

மாணவி எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதும் ஸ்கிரிப்டில் அளந்து எழுதப்பட்டது. இந்தப் பையனுக்கு ஆபத்து எவ்வளவு என்று சொல்வது மயக்க டாக்டர் வேலை. ஆபரேஷனை விளக்கிச் சம்மதம் வாங்குவது அறுவை சிகிச்சை செய்பவரின் பொறுப்பு. தள்ளிவைப்பதா இல்லையா என்பது மாணவி கையில் இல்லவே இல்லை. அப்பாவைச் சமாதானப்படுத்தும் ஆசையில் ‘பத்தரைக்கு எடுத்துடுவாங்க’ என்று சொல்லிவிட்டால், பத்தரைக்கு எடுக்காதபோது அவர் அடுத்து யார் சொல்வதையும் நம்ப மாட்டார்.

பதற்றத்தில் இருப்பவர் காதில் எவ்வளவு ஏறும் என்பது தனிக் கேள்வி. ஹில்டகார்ட் பெப்லா என்ற அமெரிக்கச் செவிலியர் 1952இல் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பதற்றத்தை அவர் நாலு நிலையாகப் பிரித்தார். பதற்றம் ஏற ஏற மனிதரின் கவனம் சுருங்கிக்கொண்டே போகும், கடுமையான நிலையில் ஒரு சிறு விஷயத்தைத் தவிர மற்றது எதுவும் உள்ளே போகாது. நம் அப்பாவும் மயக்கம் என்ற சொல் நுழைந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பயத்தைப் பேசி முடிக்காமல் மற்றதைச் சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதனால் ஸ்கிரிப்டின் கடைசியில் மாணவி, ‘நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், இனிமே என்ன நடக்கும்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்கண்ணே’ என்று கேட்க வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள்.

அப்படித் திரும்பச் சொல்ல வைக்கும்போது விடக்கூடாத ஒன்று, பையன் எப்படி எழுந்திருப்பான் என்பது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் சிலர், மயக்கம் தெளியும்போது அப்பாவையே அடையாளம் தெரியாததுபோலக் கத்துவார்கள், கைகாலை உதறுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். வலியா இல்லையா என்பதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். இதை முன்பே கேட்டிருந்த அப்பா பையனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்காதவர் மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று வார்டையே கூட்டிவிடுவார்.

நடிப்பு முடிந்ததும் ஆசிரியர் முதலில் பேச வைக்க வேண்டியது அப்பாவாக நடித்தவரை. ‘பால் விஷயத்தைச் சொல்லலாம்னு எந்த இடத்துல தோணுச்சு? எந்த இடத்துல வேணாம்னு தோணுச்சு?’ பதில் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தைச் சுட்டும். சில சமயம் வாக்கியம்கூட இல்லை, மாணவி கடிகாரத்தைப் பார்த்த பார்வை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகுதான் பேச வேண்டும். முழுவதையும் மறுபடி நடிக்கத் தேவையில்லை, சறுக்கிய அந்த இடத்தை மட்டும் திரும்பப் பேசிப் பார்த்தால் போதும்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. அப்பாவாக நடிக்கும் தோழி சீரியல் பாணியில் அழத் தொடங்கினால் வகுப்பே சிரித்துவிடும். அல்லது தோழி பாவம் என்று கேட்கும் முன்பே பாலைச் சொல்லிவிடுவார். இதைவிடத் தொல்லை, மாணவிகள் ‘உங்க கவலை எனக்குப் புரியுது’ என்ற வரியை மனப்பாடம் செய்துகொள்வது. மூன்றாவது தடவை கேட்கும்போது அதுவும் இன்னொரு ‘பயப்படாதீங்க’ ஆகிவிடுகிறது.

மனப்பாடத்தைப் பிடிக்க ஒரு வழி, அட்டையை மாற்றிவிடுவது. அடுத்த சுற்றில் அப்பா பால் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் பையனுக்கு மூன்று நாளாகச் சளி, இரவில் இருமல். ஏற்கெனவே ஒரு தடவை தேதி தள்ளிப்போய், வாடகை வண்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதனால் வாயைத் திறக்கவில்லை. சளி இருக்கும் குழந்தைக்கு மயக்கத்தின்போது மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மயக்க டாக்டருக்கு இதுவும் தெரிந்தாக வேண்டும். போன தடவை நன்றாகப் பேசிய மாணவி பாலைப் பற்றி அழகாகக் கேட்டு, ‘இல்லை’ என்ற உண்மையான பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். இன்னொருத்தி பையன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, ‘ராத்திரி தம்பி நல்லாத் தூங்கினானாண்ணே?’ என்று ஆரம்பிப்பாள்.